பச்சையாவே சாயுற தக்காளி: பாக்டீரியா வாடல் செடிக்குள்ள என்ன பண்ணுது, பயிர் மாத்துனா ஏன் அடங்குது

தக்காளிச் செடி வாடுதுன்னு யாராவது ஒரு வார்த்தை சொன்னா போதும், நாலு பக்கத்துல இருந்தும் வைத்தியம் வரும். ஒருத்தர் தண்ணி பத்தலன்னுவார், இன்னொருத்தர் தண்ணி ஜாஸ்தியாகி வேர் அழுகிடுச்சுன்னுவார், மூணாவது ஆள் பூஞ்சை மருந்து அடிங்கன்னுவார், கடைசியா ஒருத்தர் வந்து மண்ணு செத்துப் போச்சு ரெண்டு வருஷம் சும்மா போடுங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவார். இதுல ஒவ்வொண்ணும் ஏதாவது ஒரு வாடலுக்குச் சரியா இருக்கலாம், ஆனா எந்த வாடல்னு யாரும் கேக்குறது இல்ல, அங்கதான் பிரச்சனையே.

நானும் முதல் தடவை அதைக் கேக்கல. காலையில நிமிந்து நின்ன செடி மத்தியானம் தலை தொங்கி நின்னுச்சு, தண்ணி விட்டேன், சாயங்காலம் திரும்ப நிமிந்துடுச்சு, ஆஹா தண்ணிதான் பிரச்சனைன்னு முடிவு பண்ணி அடுத்த மூணு நாளும் வாய்க்காலைத் திறந்து விட்டேன். நாலாவது நாள் அது நிமிரவே இல்ல, அதோட அதுக்கு அடுத்து தண்ணி பாயுற பக்கம் நின்ன ரெண்டு செடியும் தொங்க ஆரம்பிச்சுது. நான் விட்ட தண்ணிதான் நோயைச் சுமந்துட்டுப் போச்சுன்னு புரிய எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாடலைப் பத்தி மட்டும்தான். பேரு பாக்டீரியா வாடல், தக்காளி கத்தரி ரெண்டுக்கும் பொதுவான எதிரி. செடிக்குள்ள அது எந்த வழியா போகுதுன்னு தெரிஞ்சுட்டா, மருந்து ஏன் வேலை செய்யல, பயிர் மாத்துறது மட்டும் ஏன் வேலை செய்யுதுங்கிறது தன்னால விளங்கிடும்.

## எந்த வாடலைப் பத்திப் பேசுறோம்

இதைப் பண்ற பாக்டீரியா பேரு ரால்ஸ்டோனியா சொலனேசியாரம். 1896ல எர்வின் ஸ்மித்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி முதல்ல இதை விவரிச்சு எழுதினார், அப்ப பேசில்லஸ்னு பேரு வச்சாங்க, அப்புறம் சூடோமோனஸ்னு மாத்தினாங்க, 1995ல இருந்துதான் ரால்ஸ்டோனியா. இப்ப அதையும் மூணு இனமா பிரிச்சிருக்காங்க, நமக்கு அந்தப் பிரிவு வேண்டாம், பழைய புத்தகத்துல சூடோமோனஸ்னு போட்டிருந்தா அதுவும் இதே ஆள்தான்னு தெரிஞ்சா போதும்.

அடையாளம் இதுதான்: செடி பச்சையாவே வாடும். கொழுந்து இலை முதல்ல தொங்கும், அதுவும் வெயில் ஏறுற நேரத்துல, ராத்திரி கொஞ்சம் தேறும், சூடான காலத்துல மூணு நாலு நாள்ல மொத்தமா சாஞ்சிடும், அப்பக் கூட இலை பெரும்பாலும் பச்சையாதான் இருக்கும். இதையே ஃபுசேரியம்ங்கிற பூஞ்சை பண்ணுச்சுன்னா அடி இலை முதல்ல மஞ்சளாகும், சில சமயம் செடியோட ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகும், வாரக்கணக்குல மெதுவா இழுக்கும். தண்டோட அடியில மண்ணை ஒட்டி வெள்ளை நூல் மாதிரி பூஞ்சையும் கடுகு சைஸ்ல உருண்டையும் இருந்தா அது வேற பூஞ்சை, தண்டழுகல். கத்தரியில ஒரு குழப்பம் உண்டு, சில நேரம் ஒரே ஒரு கிளை மட்டும் முதல்ல தொங்கும், மத்த கிளையெல்லாம் ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்கும், அதனால பூச்சி குடைஞ்சிருக்குன்னு நினைச்சுக் கிளையை வெட்டிட்டு விட்டுடுவாங்க. வெட்டுன கிளைக்குள்ள புழு இல்லன்னா சந்தேகப்படுங்க.

சுருக்கமா: மஞ்சளாகாம, மேல இருந்து, வேகமா வாடுனா இந்த பாக்டீரியா மேல சந்தேகம் வரணும். உறுதி பண்ண ஒரு கிளாஸ் தண்ணி போதும், அதுக்குக் கொஞ்சம் பின்னாடி வரேன்.

## தண்ணியை யாரும் மேல தள்ளல

மோட்டார் போட்டு டேங்குக்குத் தண்ணி ஏத்துற மாதிரி வேர்தான் தண்ணியை மேல தள்ளுதுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. பகல்ல நடக்குறது பெரும்பாலும் அதுக்கு நேர் எதிர். ஸ்ட்ரா போட்டு இளநி குடிக்கிறோம்ல, வாய் மேல இருந்து இழுக்குது, தண்ணி கீழ இருந்து வருது. செடியில அந்த வாய் இலைதான். வெயில்ல இலையில இருக்குற குட்டி ஓட்டைகள் வழியா தண்ணி ஆவியாப் போகுது, போன இடத்தை நிரப்ப பின்னாடி இருக்குற தண்ணி இழுபடுது, அதுக்குப் பின்னாடி இருக்குறதும் இழுபடுது, இப்படியே வேர் நுனி வரைக்கும் ஒரே சரமா இழுவை போகும்.

அந்த ஸ்ட்ராவுக்குப் பேருதான் சைலம். வேர்ல இருந்து இலை வரைக்கும் தண்ணி போற மெல்லிய குழாய்க் கட்டு. இதுல முக்கியமான விஷயம், சைலம் குழாய் உயிரோட இருக்குற செல் கிடையாது. செல் வளர்ந்து, சுவரைத் தடிப்பாக்கிட்டு, உள்ள இருந்ததெல்லாம் காலியாகி செத்த பிறகு மிஞ்சுற கூடுதான் குழாய். ஒண்ணுக்கு மேல ஒண்ணா அந்தக் கூடுகள் அடுக்கி இருக்கும், பக்கத்துக் குழாய்க்குத் தண்ணி போக சுவர்ல மெல்லிய ஜவ்வு போட்ட குழிகள் இருக்கும். அந்த ஜவ்வு தண்ணியை விடும், பாக்டீரியாவை விடாது, டீ வடிகட்டி மாதிரின்னு வச்சுக்கோங்க.

மத்தியானம் தொங்கி சாயங்காலம் நிமிர்றதுக்குக் காரணமும் இதுலயே இருக்கு. பாதிக் குழாய் அடைச்சிருந்தாலும் ராத்திரி இலைக்குத் தேவை கம்மி, மிச்ச பாதி சமாளிச்சிடும். மத்தியானம் தேவை உச்சத்துக்குப் போகும்போது மிச்ச குழாய் ஈடு கொடுக்க முடியாம இலை தொங்குது. அன்னைக்கு நான் விட்ட தண்ணியில அது நிமிரல, வெயில் இறங்கினதுல நிமிந்துச்சு.

## மண்ணுல இருந்து குழாய் வரைக்கும்

மண்ணுல இருக்குற பாக்டீரியாவுக்கு வால் மாதிரி ஒரு இழை உண்டு, ஈர மண்ணுல நீந்தும். வேர் கசியவிடுற சர்க்கரை மாதிரி பொருள்களோட வாசத்தைப் பிடிச்சு (மூக்கு கிடையாது, ரசாயனத்தை உணர்றதைத்தான் வாசம்னு சொல்றேன்) வேர் இருக்குற பக்கம் போகும். உள்ள நுழைய அதுக்கு ஒரு வாசல் வேணும். நாத்து பிடுங்கி நடும்போது அறுந்த வேர், களை கொத்தும்போது பட்ட காயம், வேர்முடிச்சு நூற்புழு துளைச்ச இடம், இது எல்லாமே வாசல்தான். எந்தக் காயமும் இல்லாத செடியில கூட, பெரிய வேர்ல இருந்து கிளை வேர் தோலைக் கிழிச்சுட்டு வெளிய வருமே, அந்த விரிசலே இதுக்குப் போதும். அதனால காயமே படாம வளத்துட்டா நோய் வராதுன்னு சொல்ல முடியாது, வாசல் எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான்.

உள்ள நுழைஞ்சதும் நேரா சைலத்துக்குப் போயிடாது. முதல்ல வேரோட தோலுக்கும் சைலத்துக்கும் நடுவுல இருக்குற பகுதியில, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்குற சந்துல கொஞ்ச நாள் பெருகும். செல் சுவரை ஒட்டி வைக்கிற பசை மாதிரி பொருளைக் கரைக்கிற நொதிகளை, அதாவது ரசாயனக் கத்தரிக்கோல் மாதிரி வேலை செய்யுற புரதங்களை, வெளிய விட்டு வழி பண்ணிக்கிட்டே உள்ள போய் சைலத்தைத் தொடும்.

சைலத்துக்குள்ள வந்துட்டா அதுக்கு ஒரு வசதியான, ஆனா ஏழ்மையான வீடு. உள்ள ஓடுறது கிட்டத்தட்ட வெறும் தண்ணி, கொஞ்சூண்டு சர்க்கரையும் அமினோ அமிலமும் இருக்கும், ஆக்சிஜன் கம்மி. வேற நிறைய கிருமிகளுக்கு அங்க பிழைக்கவே வராது. ரால்ஸ்டோனியாவோ ஆக்சிஜன் பத்தலன்னா தண்ணியில கரைஞ்சிருக்குற நைட்ரேட்டை வச்சே மூச்சை ஓட்டும், கொஞ்ச சாப்பாட்டுலயே பெருகும். குழாய் செத்த கூடுங்கிறதால உள்ள எதிர்த்து நிக்க ஆளும் கிடையாது, பக்கத்துல இருக்குற உயிர் செல்லுங்கதான் பிசின் மாதிரி எதையாவது உள்ள தள்ளி வழியை அடைக்கப் பாக்கும்.

## கூட்டம் சேர்ந்த பிறகுதான் கோந்து

இங்க ஒரு கணக்கு இடிக்கும். பாக்டீரியா நீளம் சுமார் 1.5 மைக்ரான், ஒரு மைக்ரான்ங்கிறது ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. சைலம் குழாயோட அகலம் பல பத்து மைக்ரான். ஒரு பெரிய மண்டபத்துல ஒரு ஆள் நடந்து போற மாதிரி இருக்கு, அப்ப குழாய் எப்படி அடைக்குது?

ஆள் மட்டும் அடைக்கல, ஆளுங்க விடுற கோந்தும் சேர்ந்துதான் அடைக்குது. சர்க்கரைத் துண்டுகள் நீளமா கோத்த ஒரு கெட்டியான வழவழப்பை இந்த பாக்டீரியா தன்னைச் சுத்தி விடும், ஆராய்ச்சிக்காரங்க இ.பி.எஸ்.ன்னு சுருக்கிச் சொல்வாங்க, நான் கோந்துன்னே சொல்றேன். இந்தக் கோந்து குழாய்க்குள்ள தண்ணியைக் கெட்டியாக்குது, குழிகள்ல இருக்குற வடிகட்டி ஜவ்வுல போய்ப் படிஞ்சு மூடுது. கோந்து பண்ற திறமையை இழந்த பாக்டீரியாவைச் செடிக்குள்ள விட்டுப் பாத்தப்ப வாடல் கிட்டத்தட்ட நின்னே போச்சு, அந்த அளவுக்கு இதுதான் ஆயுதம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இனிமேதான். ஆரம்பத்துல ரெண்டு நாலுன்னு இருக்கும்போது அது கோந்து பண்றதே இல்ல, நீந்தும், நொதி விட்டு வழி தேடும். ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சின்ன ரசாயனச் சமிக்ஞையைக் கசியவிட்டுக்கிட்டே இருக்கும், கூட்டம் அடர்த்தியாக ஆக அந்தச் சமிக்ஞையும் அடர்த்தியாகும், ஒரு அளவைத் தாண்டினதும் எல்லாமே ஒரே நேரத்துல நீச்சலைக் குறைச்சுக் கோந்தை ஆரம்பிக்கும். கல்யாண வீட்டுல எல்லாரும் வந்து உக்காந்த பிறகுதான் இலை போடுவாங்கல்ல, அந்த மாதிரி. இதுக்குப் பேரு கோரம் சென்சிங், கூட்ட அளவை உணர்றது. அதனாலதான் நோய் உள்ள வந்து எத்தனையோ நாள் செடி ஜோரா பூ பூத்துக்கிட்டு நிக்கும், திடீர்னு ஒரு நாள் மத்தியானம் தொங்கும். நமக்குத்தான் அது திடீர்னு, உள்ள அது கடைசிக் கட்டம்.

குழாய் அகலம் பாதியானா தண்ணி பாதி போகும்னு தோணும். மெல்லிய குழாய்ல அப்படி இல்ல, மத்தது எல்லாம் அப்படியே இருந்து அகலம் மட்டும் பாதியானா பாயுற அளவு 16ல ஒரு பங்காகிடும். அதனால கோந்து குழாயை முழுசா மூடுற வரைக்கும் எல்லாம் செடி தாங்காது.

இதுவரைக்கும் சொன்னது: வேர்ல விரிசல் வழியா உள்ள வருது, சந்துல பெருகி சைலத்தைப் பிடிக்குது, கூட்டம் சேர்ந்ததும் கோந்து விட்டு அடைக்குது. இலை மேல அடிக்கிற மருந்து ஏன் இதைத் தொடலன்னு இப்ப நீங்களே சொல்லிடலாம், சைலம் ஓட்டம் கீழ இருந்து மேல போகுது, இலையில பட்ட மருந்து அந்த ஓட்டத்தை எதிர்த்து இறங்கி அடித்தண்டுக் குழாய்க்குள்ள போய்ச் சேர வழியே இல்ல. அதுவும் பூஞ்சை மருந்துன்னா, பாக்டீரியா பூஞ்சையே கிடையாது.

## ஒரு கிளாஸ் தண்ணி

இப்ப டெஸ்ட். வாடின செடியோட தண்டை மண்ணுக்குக் கொஞ்சம் மேல வெட்டி, ஒரு விரல் நீளத்துக்குத் துண்டு எடுத்துக்கோங்க. வெட்டுன முகத்தைப் பாத்தா ஓரமா வட்டமா பழுப்பு நிறம் தெரியலாம், அது சைலம் இருக்குற வளையம். சுத்தமான கண்ணாடி கிளாஸ்ல தெளிஞ்ச தண்ணி ஊத்தி, துண்டோட ஒரு முனை மட்டும் தண்ணிக்குள்ள முங்குற மாதிரி தொங்கவிடுங்க, ஒரு குச்சியில கிளிப் போட்டு கிளாஸ் வாய்க்கு மேல வச்சுட்டா கை ஆடாது. பின்னாடி கறுப்பா ஏதாவது துணி வச்சுட்டு அஞ்சு பத்து நிமிஷம் ஆட்டாம பாருங்க.

இந்த நோயா இருந்தா வெட்டுன இடத்துல இருந்து பால் மாதிரி, ஊதுபத்தி புகையைத் தலைகீழா பாத்தா எப்படி இருக்குமோ அப்படி, வெள்ளையா நூல் நூலா கீழ இறங்கும். அது கோந்தோட சேர்ந்த பாக்டீரியாதான். ஃபுசேரியத்துல தண்டு பழுப்பா இருந்தாலும் இந்தப் பால் நூல் வராது. தப்பு நடக்குற இடம் ரெண்டு, ஒண்ணு ரொம்பக் காஞ்சு போன செடியை எடுக்குறது, அதுல நூல் வராம போகலாம், அப்பதான் வாட ஆரம்பிச்ச செடியை எடுங்க. இன்னொண்ணு நுனித் தண்டை எடுக்குறது, அடித்தண்டுதான் சரி. டெஸ்ட் முடிஞ்ச தண்ணியைத் தோட்டத்துல ஊத்திடாதீங்க, நல்லா கொதிக்க வச்சு அப்புறமா கொட்டுங்க, கத்தியையும் கழுவுங்க.

## வாடின செடி ஒரு தொழிற்சாலை

பயிர் மாத்துறது ஏன் வேலை செய்யுதுன்னு புரிய, மண்ணுக்குள்ள இருக்குற பாக்டீரியாவையும் தண்டுக்குள்ள இருக்குறதையும் எண்ணிக்கையில ஒப்பிட்டுப் பாக்கணும். நல்லா வாடின தக்காளித் தண்டு ஒரு கிராம்ல சுமார் 100 கோடி பாக்டீரியா இருக்கும். 100 கிராம் தண்டுன்னா பத்தாயிரம் கோடி. செடி சாஞ்சு மட்கும்போது இது மொத்தமும் மண்ணுக்குத் திரும்புது, அதுமட்டும் இல்ல, செடி நின்னுக்கிட்டு இருக்கும்போதே வேர் வழியா மண்ணுக்குக் கசிஞ்சுக்கிட்டும் இருக்கும், அந்தக் கசிவுதான் பக்கத்து வேருக்குப் போகுது.

மண்ணுல மட்டும் விட்டா அதுக்கு இந்த வாழ்க்கை கிடையாது. வேற நுண்ணுயிர்களோட சாப்பாட்டுக்குப் போட்டி, அதைத் தின்னுற சின்ன உயிரினங்க, வறட்சி, பட்டினி. சில பாக்டீரியா மாதிரி கெட்டியான விதைக்கூடு கட்டி வருஷக்கணக்கா தூங்குற வசதியும் இதுக்கு இல்ல. அதனால ஏத்துக்குற செடி இல்லாத மண்ணுல எண்ணிக்கை இறங்கிக்கிட்டே வரும்.

ஒரு கணக்குக்காக, வெறும் கணக்குக்காக மட்டும், மாசத்துக்கு ஒரு தடவை பாதியாகுதுன்னு வச்சுக்குவோம். பத்தாயிரம் கோடியில ஆரம்பிச்சா நாலு மாசம் கழிச்சு 625 கோடி மிஞ்சும், அதாவது ஒரு பருவம் வேற பயிர் போட்டுட்டு திரும்பத் தக்காளி வச்சா இன்னும் கோடிக்கணக்குலதான் காத்திருக்கும். ஒரு வருஷத்துல சுமார் 2 கோடியே 44 லட்சம். ரெண்டு வருஷத்துல 6,000க்கும் கீழ. நிஜ மண்ணு இப்படி ஒரே சீரா இறங்காது, முதல்ல வேகமா இறங்கி அப்புறம் ஒரு சின்ன வால் ரொம்ப நாள் இழுக்கும், சூடு ஈரம் மண்வகை எல்லாம் வேகத்தை மாத்தும். ஆனா ஒரு பருவத்தை நம்பக் கூடாது, ரெண்டு மூணு வருஷம்னு ஏன் சொல்றாங்கங்கிறதோட அடிப்படை இதுதான். நடுவுல தானா முளைச்ச ஒரே ஒரு தக்காளிச் செடி வாடி மட்கினா கணக்கு திரும்பப் பத்தாயிரம் கோடியில இருந்து ஆரம்பிக்கும், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

## எது மாத்துப் பயிர், எது மாத்துப் பயிர் மாதிரி வேஷம்

தக்காளிக்கு அப்புறம் கத்தரி வச்சா பயிர் மாத்தினதா நமக்குத் தோணும், பாக்டீரியாவுக்கு ஒண்ணுமே மாறல. மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை எல்லாம் அதே குடும்பம். குடும்பத்துக்கு வெளியயும் இதுக்கு சாப்பாடு உண்டு, இஞ்சி, நிலக்கடலை ரெண்டையும் வாட வைக்கிற வகைகள் இதுல இருக்கு, 200க்கு மேல செடி வகைகளைத் தாக்கும்னு பதிவாகியிருக்கு. அதனால காயோட பேரு மாறுதான்னு பாக்காம, அந்தச் செடியோட சைலத்துல இது பெருகுமான்னு கேக்கணும்.

நம்பிப் போடக்கூடியது புல் குடும்பம், மக்காச்சோளம், சோளம், நெல், கரும்பு மாதிரி. வெங்காயம், பூண்டும் போடலாம். இதுல தண்ணி கட்டுற நெல்லுக்கு ஒரு தனி இடம் உண்டு, சேறு அடிச்சு தண்ணி நிக்கிற மண்ணுல நிலைமையே தலைகீழாகும், தக்காளி குடும்பத்துக் களைகளும் நிக்க முடியாது. ஆனா வெறுமனே நிலத்தைச் சும்மா போடுறதை நான் ஒத்துக்க மாட்டேன், சும்மா போட்ட நிலத்துல களை வரும், அந்தக் களையில மணத்தக்காளி கண்டிப்பா இருக்கும். அது தக்காளியோட சொந்தக்காரச் செடி, வேர்ல பாக்டீரியாவை வச்சுக்கிட்டு வெளிய ஒரு அறிகுறியும் காட்டாம ஜம்முனு நிக்கும்.

அதே மாதிரி, வாடலைத் தாங்குற ரகம்னா உள்ள பாக்டீரியாவே இல்லைன்னு அர்த்தம் இல்ல. நிறைய தாங்குற ரகத்துல அது வேர்லயும் அடித்தண்டுலயும் இருக்கும், மேல பரவ விடாம செடி அடக்கி வைக்கும், அவ்வளவுதான். சுண்டைக்காய்ச் செடியோட வேர் மேல கத்தரியை ஒட்டுக் கட்டுறதும் கிட்டத்தட்ட இதே யோசனை. நோய் மண்ணுல காய் எடுக்க இது நல்ல வழி, மண்ணைச் சுத்தம் பண்றதுக்கான வழின்னு நினைச்சுடாதீங்க.

## என் பாத்தியில நடந்தது

நாலு பாத்தி, ஒரே வாய்க்கால் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் வரிசையா பாயும். முதல் பாத்தியில 48 தக்காளி வச்சதுல 31 போச்சு, ஆரம்பம் தண்ணி உள்ள வர்ற மூலையில. அடுத்த பருவம் அறிவாளித்தனமா "பயிர் மாத்துறேன்"னு அதே பாத்தியில 40 கத்தரி வச்சேன், நட்டு அஞ்சாவது வாரம் முதல் கிளை தொங்குச்சு, கடைசியில 26 செடி காலி. கிளாஸ் டெஸ்ட் பண்ணது அப்பதான், பால் நூல் இறங்குறதைப் பாத்துட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

அதுக்கப்புறம் மக்காச்சோளம், வெங்காயம், திரும்ப மக்காச்சோளம், திரும்ப வெங்காயம்னு ரெண்டு வருஷம் ஓட்டினேன். பிறகு அதே பாத்தியில 40 தக்காளி. அஞ்சு செடி வாடுச்சு, மிச்சம் 35 காய் கொடுத்துச்சு. அந்த அஞ்சும் எங்க நின்னுச்சுன்னு பாத்தப்பதான் எனக்கு உறைச்சுது, நாலு செடி வாய்க்கால் ஓரத்து வரிசை. ரெண்டு வருஷமும் பாத்திக்குள்ள களை எடுத்த நான் வாய்க்கால் கரையில மட்டும் மணத்தக்காளியையும், எங்கேயோ இருந்து முளைச்ச ரெண்டு தக்காளியையும் சும்மா விட்டு வச்சிருந்தேன். பாத்திக்குப் பயிர் மாத்தினேன், கரைக்கு மாத்தல.

## பயிர் மாத்துறதுக்கு எட்டாத இடங்கள்

முதல்ல தண்ணி. இந்த பாக்டீரியாவுக்குத் தண்ணி ரொம்ப சௌகரியம், ஆய்வகத்துல இதைச் சேமிக்கவே சுத்தமான தண்ணியில போட்டு வைக்கிற வழக்கம் உண்டு, வருஷக்கணக்குல உயிரோட இருக்கும். அதனால மேல் பாத்தியில நோய் இருந்து அந்தத் தண்ணி கீழ் பாத்திக்குப் பாஞ்சா, கீழ நீங்க எத்தனை வருஷம் சோளம் போட்டிருந்தாலும் தக்காளி வச்ச அன்னைக்கே புதுசா வந்து சேரும். நான் இப்ப நோய் வந்த பாத்தியை வரிசையில கடைசியா தண்ணி வாங்குற மாதிரி வாய்க்காலை மாத்திட்டேன், அது ஒரு நாள் மண்வெட்டி வேலைதான்.

அடுத்தது நாத்து. நாத்தங்கால் மண்ணுல நோய் இருந்தா ரெண்டு வருஷப் பொறுமையும் வேரோட ஒட்டிக்கிட்டு வர்ற ஒரு பிடி மண்ணுல போயிடும். குளிர்ச்சியான நேரத்துல, சுமார் 20 டிகிரிக்குக் கீழ, உள்ள பாக்டீரியா இருந்தாலும் செடி அறிகுறி காட்டாம இருக்கலாம், வெயில் ஏறினதும் காட்டும், அதனால நாத்து பாக்க நல்லா இருக்குங்கிறது சான்று ஆகாது. புதுசா சுத்தமான கலவையில நானே ட்ரேயில நாத்து விட ஆரம்பிச்சது இதுக்காகத்தான்.

அப்புறம் வாடின செடியை என்ன பண்றதுங்கிறது. மொத்தமா சாயுற வரைக்கும் காத்திருக்காம, தொங்கி நிமிராத முதல் நாளே எடுங்க, அன்னைக்கு அந்தப் பாத்திக்குத் தண்ணி விடாதீங்க. செடியை இழுத்துப் பிடுங்குனா வேர் அறுந்து மண்ணுக்குள்ள நிக்கும், மண்வெட்டியால சுத்தி வெட்டி வேர் மண்ணோட சாக்குல அள்ளுங்க, பாத்தி வழியா தரதரன்னு இழுத்துட்டுப் போகாதீங்க. மட்கு குழியில போடாதீங்க, காயவச்சு எரிச்சிடுங்க. மண்வெட்டியை அந்தப் பாத்தியிலயே நல்லா மண்ணு போக சுரண்டி, கழுவி, வெயில்ல காயவச்ச பிறகு அடுத்த பாத்திக்கு எடுத்துட்டுப் போங்க, வேலையை எப்பவும் நல்ல பாத்தியில ஆரம்பிச்சு நோய்ப் பாத்தியில முடிங்க.

இந்தப் பருவம் முதல் பாத்தியில திரும்ப மக்காச்சோளம் நிக்குது, கரையில மணத்தக்காளி தலை தூக்கினா அன்னைக்கே பிடுங்கிடுறேன். அடுத்த தக்காளிக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு.